நஷ்டம் கூட்டமாக வருகிறதா? தொடர் நஷ்டத்தில் பொசிஷன் சைஸை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரேடிங் பேசுகிற இடங்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகள் இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைப் பிடித்துக்கொண்டு போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது. உதாரணக் கணக்குகளில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை.

தொடர்ந்து ஆறு டிரேட் நஷ்டம். என் சிஸ்டம் செத்துப்போச்சா?

ஆறை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூறு டிரேடில் 45 ஜெயிக்கும் சிஸ்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரேடுக்கும் அடுத்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 200 டிரேடுக்குள் ஆறு அல்லது அதற்கு மேல் நீளும் தொடர் நஷ்டம் சராசரியாக இரண்டு மூன்று முறை வந்தே தீரும். 200 × 0.45 × 0.55⁶ என்று போட்டால் 2.5 வருகிறது. அதே 200 டிரேடில் மிக நீளமான தொடர் நஷ்டம் சராசரியாக எட்டு இருக்கும்.

அதனால் தொடரின் நீளம் பயத்துக்குக் காரணமாக இருக்கலாம், ஆதாரமாகாது. இந்த வெற்றி விகிதத்துக்கு வரவேண்டியதைவிட நஷ்டங்கள் அதிகமாக ஒட்டிக்கொண்டு வருகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முழுப் பதிவும் வேண்டும். கடைசி ஆறு டிரேட் போதாது.

ஒட்டிக்கொண்டு வருதான்னு எப்படிக் கணக்குப் போடுறது?

எளிதான வழி ஓட்டங்களை எண்ணுவது. ஒரே முடிவு இடைவெளியில்லாமல் வரும் ஒரு தொகுதியை ஓட்டம் என்கிறோம். லாபத்தை ‘ல’ என்றும் நஷ்டத்தை ‘ந’ என்றும் எழுதினால், ‘ந ந ல ந ல ல ல’ என்பதில் நான்கு ஓட்டங்கள் உள்ளன. முடிவுகள் கூட்டமாக வந்தால் ஓட்டங்கள் குறையும். மாறி மாறி வந்தால் கூடும். வால்டும் உல்ஃபோவிட்ஸும் 1940ல் கொடுத்த சோதனை இது. பேனாவும் காகிதமும் இருந்தாலே போதும்.

எதிர்பார்க்கும் ஓட்டங்களின் எண்ணிக்கையும் அதன் பரவலும் இப்படி:

```
N  = n1 + n2
mu = 2*n1*n2/N + 1
var = 2*n1*n2*(2*n1*n2 - N) / (N*N*(N-1))
Z  = (R - mu) / sqrt(var)
```

இதில் `n1` லாப டிரேடுகள், `n2` நஷ்ட டிரேடுகள், `R` நீங்கள் எண்ணிய ஓட்டங்கள். `Z` மைனஸ் 2க்குக் கீழே போனால் முடிவுகள் கூட்டமாக வருகின்றன என்று சந்தேகிக்கலாம். பிளஸ் 2க்கு மேலே போனால் மாறி மாறி வருகின்றன. நடுவில் இருந்தால் தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு உதாரணம் முழுசா போட்டுக் காட்டுங்க.

120 டிரேட், 54 லாபம், 66 நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். 2 × 54 × 66 = 7128. அதை 120ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 60.4 வருகிறது. அதாவது சுமார் 60 ஓட்டங்களை எதிர்பார்க்க வேண்டும். பரவல் 29.15, அதன் வர்க்கமூலம் 5.4. பதிவில் எண்ணினால் 48 ஓட்டங்கள்தான் இருக்கின்றன. (48 − 60.4) ÷ 5.4 = −2.3. எல்லையைத் தாண்டிவிட்டது.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். 48 ஓட்டம் என்றால் 47 இடத்தில் முடிவு மாறியிருக்கிறது. வரிசை நஷ்டத்தில் தொடங்கி லாபத்தில் முடிந்திருந்தால், நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு 24 முறையும் லாபத்திலிருந்து நஷ்டத்துக்கு 23 முறையும் மாறியிருக்கும். ஆக நஷ்டத்துக்குப் பிறகு வந்த 66 டிரேடில் 24 லாபம், 36.4 சதவீதம். லாபத்துக்குப் பிறகு வந்த 53 டிரேடில் 30 லாபம், 56.6 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 0.20, ஏறத்தாழ அடுத்தடுத்த முடிவுகளின் தொடர் ஒட்டுறவு எண். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் “நஷ்டத்துக்குப் பிறகு சைஸைப் பாதியாக்கு” என்று விதி எழுதிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம்.

லாபம், நஷ்டம்னு எதை எடுக்கணும்? பணத்தையா?

பணத்தை எடுக்காதீர்கள். ஒவ்வொரு டிரேடின் முடிவையும் அந்த டிரேடில் ஆரம்பத்தில் வைத்த ரிஸ்க்கால் வகுத்து, ஆர் மடங்கில் எழுதுங்கள். ஸ்டாப்லாஸ் முழுதாக அடித்தால் மைனஸ் 1 ஆர், ரிஸ்க்கைப்போல ஒன்றரை மடங்கு லாபம் வந்தால் பிளஸ் 1.5 ஆர். ஏற்கெனவே மனசு சரியில்லாத நேரத்தில் சைஸைக் குறைத்திருப்பீர்கள், உற்சாகத்தில் கூட்டியிருப்பீர்கள். பணத்தில் கணக்குப் போட்டால் சந்தைக்குப் பதிலாக உங்கள் பழக்கம்தான் அதில் தெரியும்.

புரோக்கரேஜ், வரி, ஸ்லிப்பேஜ் எல்லாவற்றையும் கழித்த பிறகே லாபமா நஷ்டமா என்று முடிவு செய்யுங்கள். போட்ட விலைக்கே வெளியே வந்த டிரேட் செலவைக் கழித்தால் நஷ்டம்தான், அப்படியே குறித்துக்கொள்ளலாம்.

டிரேடுகளை என்ட்ரி வரிசையில் அடுக்கணுமா, எக்ஸிட் வரிசையிலா?

இங்கேதான் பலருடைய கணக்கு கெட்டுப்போகிறது. திங்கட்கிழமை ஒரு டிரேடில் நுழைகிறீர்கள், அது வெள்ளிக்கிழமை நஷ்டத்தில் முடிகிறது. புதன்கிழமை இன்னொரு டிரேடில் நுழைகிறீர்கள். என்ட்ரி வரிசையில் அடுக்கினால், புதன்கிழமை டிரேடுக்கு ‘முந்தைய முடிவு நஷ்டம்’ என்று பதிவாகும். ஆனால் புதன்கிழமையன்று அந்த நஷ்டம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை வைத்து சைஸை எப்படி மாற்றியிருப்பீர்கள்?

சைஸ் விதிக்காகச் சோதிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு டிரேடையும் அதன் என்ட்ரி நேரத்துக்கு முன்பு கடைசியாக மூடப்பட்ட டிரேடோடு ஜோடி சேருங்கள். டிரேடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழாத சிஸ்டம் என்றால் மூன்று வழியும் ஒன்றுதான்.

எனக்கு `Z` மைனஸ் 2.3 வந்தாச்சு. இனி சைஸைக் குறைக்கலாம்தானே?

முதலில் ஒரே பந்தயத்தை நாலு தடவை எண்ணியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே திசையில் நகரும் மூன்று நான்கு பங்குகளில் ஒரே நாளில் வாங்கி, சந்தை மொத்தமும் விழுந்தால் நான்கும் சேர்ந்து நஷ்டமாகும். பதிவில் அது ‘ந ந ந ந’. பார்த்தால் கூட்டம் போலிருக்கும். உண்மையில் நடந்தது ஒரே நிகழ்ச்சி. முதல் நஷ்டம் தெரிந்தபோது மற்ற மூன்றிலும் ஏற்கெனவே உள்ளே இருந்தீர்கள்.

மேலே உள்ள 120 டிரேடையே எடுப்போம். ஒரே திசையில், ஒன்றாக நகரும் பங்குகளில், ஒரே நேரத்தில் திறந்திருந்தவற்றை ஒரு கொத்தாகச் சேர்த்து, கொத்தின் மொத்த ஆர் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று குறித்தால் 82 கொத்துகள் மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 38 லாபம், 44 நஷ்டம், 39 ஓட்டங்கள். எதிர்பார்ப்பு 41.8, பரவலின் வர்க்கமூலம் 4.5. `Z` இப்போது −0.6. சந்தேகம் ஆவியாகிவிட்டது.

அதற்காக இந்தக் கணக்கு வீணில்லை. இங்கே தேவைப்படுவது தொடர் நஷ்ட விதி இல்லை, ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மொத்த ரிஸ்க்குக்கு ஒரு வரம்பு. நான்கு பங்கில் தலா 1 சதவீதம் என்பது நடைமுறையில் ஒரே பந்தயத்தில் 4 சதவீதம். என் கணிப்பில், ‘நஷ்டம் கூட்டமாக வருது’ என்ற புகார்களில் பெரும்பங்கு இதுதான்.

கொத்தாச் சேர்த்தும் மைனஸ் 2க்குக் கீழேதான் இருக்கு. இப்ப?

அடுத்த சந்தேகம் கலப்படம். இரண்டு ஸ்டிராட்டஜியை ஒரே பதிவில் வைத்திருக்கிறீர்களா? முதல் 60 டிரேட் 60 சதவீதம் ஜெயிக்கும் ஒன்று, அடுத்த 60 டிரேட் 30 சதவீதம் ஜெயிக்கும் இன்னொன்று என்றால், உள்ளுக்குள் எந்தத் தொடர்பும் இல்லாமலே மொத்த வரிசை கூட்டம் கூட்டமாகத் தெரியும். நடுவில் விதிகளை மாற்றியிருந்தாலும் இதே கதைதான். ஸ்டிராட்டஜிவாரியாக, விதி மாறிய தேதிவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எண்ணுங்கள்.

ஒரே ஸ்டிராட்டஜி, ஒரே விதி, கொத்தும் சேர்த்தாகிவிட்டது, அப்படியும் கூட்டம் போகவில்லை என்றால் அதை மதிக்கலாம். ட்ரெண்டைப் பின்தொடரும் சிஸ்டங்களில் இதற்கு நியாயமான காரணமும் உண்டு. சந்தை திசையில்லாமல் அலையும் வாரங்களில் பிரேக்அவுட் என்ட்ரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்க்கும். ட்ரெண்ட் பிடித்த வாரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பலிக்கும். காரணம் சொல்ல முடிகிற கூட்டத்தையும் முடியாத கூட்டத்தையும் நான் ஒரே தராசில் வைக்கமாட்டேன்.

சூத்திரம் பிடிக்கல. வேற வழி இருக்கா?

இருக்கிறது, அதுதான் மேல். உங்கள் முடிவுகளைச் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துப்போட்டு ஓட்டங்களை எண்ணுங்கள். பத்தாயிரம் முறை கலைத்தால், தொடர்பே இல்லாத வரிசையில் எத்தனை ஓட்டங்கள் வரும் என்பது கண்ணுக்கே தெரியும்.

```python
import numpy as np
w = np.loadtxt("r.txt") > 0
runs = lambda a: 1 + np.sum(a[1:] != a[:-1])
rng = np.random.default_rng(7)
sim = np.array([runs(rng.permutation(w)) for _ in range(10000)])
print(runs(w), sim.mean(), np.mean(sim <= runs(w)))
```

`r.txt` கோப்பில் வரிக்கு ஒரு ஆர் மதிப்பு, நேர வரிசையில், கொத்துச் சேர்த்த பிறகு. கடைசியாக அச்சாகும் எண், கலைத்த வரிசைகளில் எத்தனை பங்கு உங்களுடைய அளவுக்கோ அதைவிடவோ கூட்டமாக இருந்தன என்பது. முதல் உதாரணத்தின் 120 டிரேடுக்கு இது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை போல வரும். இன்னொரு வசதி: `runs` இருக்கும் இடத்தில் மிக நீளமான தொடர் நஷ்டம் போன்ற வேறு அளவை வைத்தும் இதே கலைப்பைச் செய்யலாம்.

மூணு நஷ்டத்துக்கு அப்புறம் எனக்கு லாபம் வர்ற சான்ஸ் ஜாஸ்தியா இருக்கு, பதிவிலேயே தெரியுது. அப்ப சைஸைக் கூட்டலாமா?

இது நேர்மையான கண்ணையும் ஏமாற்றும் இடம். நாணயம் சுண்டுவதுபோலச் சரிபாதி வாய்ப்புள்ள மூன்று டிரேடை எடுங்கள். எட்டு வரிசைகள் சாத்தியம். அதில் ‘நஷ்டத்துக்கு அடுத்தது நஷ்டமாக இருந்த பங்கு’ எவ்வளவு என்று ஒவ்வொரு வரிசையிலும் பாருங்கள். ‘லலல’, ‘லலந’ இரண்டிலும் நஷ்டத்துக்கு அடுத்தது என்று எதுவும் இல்லை, தள்ளுங்கள். மிச்சம் ஆறு. ‘நநந’வில் 1, ‘நநல’வில் பாதி, ‘நலந’வில் 0, ‘நலல’வில் 0, ‘லநந’வில் 1, ‘லநல’வில் 0. கூட்டினால் இரண்டரை, ஆறால் வகுத்தால் 12ல் 5 பங்கு. பாதி வரவேண்டிய இடத்தில் 42 சதவீதம்தான் வருகிறது.

தொடர்பே இல்லாத வரிசையிலும், தொடரை வைத்துத் தேர்ந்தெடுத்து எண்ணினால், ‘அடுத்தது மாறும்’ என்ற பக்கம் எண் சாய்கிறது. மில்லரும் சன்ஹுர்ஹோவும் 2018ல் எகனாமெட்ரிக்கா இதழில் காட்டியது இது. கூடைப்பந்து வீரர்களின் ‘சூடான கை’ வெறும் பிரமை என்ற 1985 ஆய்வின் முடிவு இதனால்தான் மறுபடி கேள்விக்குள்ளானது. 100 முறை சுண்டி, மூன்று தொடருக்குப் பிறகானதை மட்டும் எண்ணினால்கூட 50க்குப் பதில் சுமார் 46 சதவீதம்தான் எதிர்பார்க்க வேண்டும். பதிவு சின்னதாக, தொடர் நீளமாக இருக்க இருக்க சாய்வு கூடும்.

தீர்வு மேலே சொன்ன கலைப்புதான். உங்கள் ‘மூன்று நஷ்டத்துக்குப் பிறகு லாபம்’ விகிதத்தைக் கலைத்த வரிசைகளிலும் கணக்கிட்டு, அந்தச் சராசரியோடு ஒப்பிடுங்கள். 45 சதவீதத்தோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

அப்படியே உண்மையா மாறி மாறி வந்தாலும் டபுள் பண்ணக் கூடாதா?

டபுள் பண்ணுவது வேறு விஷயம். 1 சதவீதத்தில் தொடங்கி ஒவ்வொரு நஷ்டத்துக்கும் இரட்டித்தால், ஆறு நஷ்டத்தில் 1 + 2 + 4 + 8 + 16 + 32, ஆக 63 சதவீதம் போய்விடும். ஏழாவதற்கு 64 வேண்டும், கையில் 37 இருக்கும். முதல் பதிலில் சொன்ன எட்டு நீளத் தொடரை நினைத்துப் பாருங்கள். ஒட்டுறவு கொஞ்சம் மைனஸில் இருந்தால் அந்த எட்டு ஆறோ ஏழோ ஆகலாம், மறைந்துவிடாது.

இருப்பில் 1 சதவீதம் என்ற நிலையான விகிதத்தில் அதே எட்டு நஷ்டம் வந்தால் அக்கவுண்ட் 7.7 சதவீதம் இறங்கும். 2 சதவீதம் என்றால் 14.9.

சரி, உண்மையான கூட்டம்னே வச்சுக்குவோம். சைஸை எவ்வளவு மாத்தணும்?

வெற்றி விகிதம் மாறியதா என்பதோடு நிற்காமல், டிரேடுக்கு எதிர்பார்க்கும் சராசரி ஆர் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பாருங்கள். சராசரி லாபம் 1.5 ஆர், நஷ்டம் 1 ஆர் என்றால் கையைக் கடிக்காமல் இருக்க 40 சதவீத வெற்றி வேண்டும். மொத்தத்தில் 45 சதவீதம், ஆக டிரேடுக்கு 0.125 ஆர் கிடைக்கிறது. முதல் உதாரணத்தின் எண்களை (கொத்துச் சேர்த்த பிறகும் நின்றதாக நினைத்துக்கொண்டு) போட்டால், லாபத்துக்குப் பிறகு 0.42 ஆர், நஷ்டத்துக்குப் பிறகு மைனஸ் 0.09 ஆர். அப்படியானால் நஷ்டத்துக்குப் பிறகு நுழையவே கூடாது என்றல்லவா ஆகிறது?

ஆகாது. 36.4 சதவீதம் என்பது 66 டிரேடில் கிடைத்த எண். அதன் பிழை எல்லை இருபக்கமும் 11, 12 சதவீதப் புள்ளி. உண்மை 25லும் இருக்கலாம், 48லும் இருக்கலாம். 40 நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு தளர்ந்த எண்ணை வைத்து நான் செய்வது பாதியாக்குவது மட்டும்தான், அதுவும் கூட்டத்துக்குக் காரணம் தெரிந்தால். லாபத்துக்குப் பிறகு சைஸைக் கூட்டமாட்டேன். குறைத்து ஏமாந்தால் கொஞ்சம் லாபம் போகும், கூட்டி ஏமாந்தால் முதல் போகும்.

எத்தனை டிரேட் இருந்தா நம்பலாம்?

ஒட்டுறவு எண்ணின் பிழை ஏறத்தாழ 1 ÷ √N. உண்மையான ஒட்டுறவு 0.2 ஆக இருந்தால், ஐந்துக்கு நான்கு முறை பிடிபட சுமார் 200 டிரேட் வேண்டும். 0.1 ஆக இருந்தால் சுமார் 800. இவை கொத்துச் சேர்த்த பிறகான எண்ணிக்கை. 40 டிரேடில் ‘தொடர்பு இல்லை’ என்று வந்தால், தொடர்பு இல்லை என்று பொருளில்லை, பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இல்லை.

இன்னொன்று. அடுத்த டிரேட், அதற்கடுத்தது, திங்கட்கிழமை மட்டும், காலை மட்டும் என்று இருபது விதமாகச் சோதித்தால் ஒன்றாவது 2ஐத் தாண்ட வாய்ப்பு அதிகம். எதைச் சோதிக்கப் போகிறோம் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுப் பதிவைத் திறங்கள்.

லாப நஷ்டம் கலந்துதான் வருது, ஆனா பெரிய அடிகள் எல்லாம் ஒண்ணா விழுது. இது என்ன?

இது வேறு நோய். ஓட்டச் சோதனைக்குப் பிளஸ்ஸும் மைனஸும்தான் தெரியும், அளவு தெரியாது. ஆர் மதிப்புகளின் குறியை நீக்கிவிட்டு, வெறும் அளவுகளைத் தர வரிசை எண்களாக மாற்றி, அடுத்தடுத்த எண்களின் ஒட்டுறவைப் பாருங்கள். தர வரிசைக்கு மாற்றாவிட்டால் ஒரே ஒரு ராட்சத லாபம் மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சந்தையின் ஏற்ற இறக்கம் கொந்தளிக்கும் காலங்கள் சேர்ந்தே வரும் என்பதால், இந்த ஒட்டுறவு பெரும்பாலும் பிளஸ்ஸில் இருக்கும். ஸ்டாப்லாஸ் தூரம் நிலையாக இருந்தால், கேப்பில் திறந்து ஸ்டாப்பைத் தாண்டி மைனஸ் 2 ஆர் அடிப்பது அந்த நாட்களில்தான். மருந்து தொடர் நஷ்ட விதியில் இல்லை. ஸ்டாப்பை அண்மைய சராசரி நகர்வுக்கு ஏற்ப அகலமாக்கி, அதற்கேற்ப வாங்கும் பங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நஷ்டம் வரும்வரை காத்திருக்காமல் கொந்தளிப்பு தொடங்கியதுமே சைஸ் தானாக இறங்கும்.

ஈக்விட்டி கர்வ் அதோட சராசரிக்குக் கீழே போனா நிறுத்திட்டு, மேலே வந்தா தொடங்குறேன். சரியா?

கூட்டம் உண்மையாக இருந்தால் மட்டும் பயன். `Z` பூஜ்ஜியத்தைச் சுற்றி இருந்தால், இறக்கத்துக்குப் பின் வரும் டிரேடுகளும் மற்றவற்றைப் போலவே 0.125 ஆர் தரக்கூடியவை. அவற்றை விட்டால் டிரேடுக்குத் தலா அவ்வளவு விடுகிறீர்கள். இறக்கம் ஆழம் குறைவாகத் தெரியும், ஏனென்றால் ஆட்டத்திலேயே குறைவாக இருந்தீர்கள். அதே பலன் சைஸை எப்போதும் கொஞ்சம் குறைவாக வைத்திருந்தாலும் கிடைத்திருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நிறுத்திய பிறகு பதிவும் நின்றுவிடுகிறது. கர்வ் மேலே வந்ததா என்று பார்க்கக் கர்வே இருக்காது. விட்ட டிரேடுகளையும் சிக்னல் வந்த விலையில், செலவு கழித்து, தனி நிரலில் காகிதத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டும். விதியை முடிவு செய்வது அந்த முழுக் கர்வைப் பார்த்துத்தான். ஐம்பது விட்ட டிரேட் சேர்ந்ததும் அவற்றின் சராசரி ஆரை மட்டும் தனியாகப் பாருங்கள். பிளஸ்ஸில் இருந்தால் நிறுத்தும் விதி உங்களுக்குச் செலவு வைத்திருக்கிறது.